கேள்வியை நீக்கிய பிறகும் பதில் நிற்க வேண்டும்: முழு டேக்கா, வாக்கிய ஒட்டா, சொல் ஒட்டா?

ஒரு பேட்டியில் ஒரே கேள்விக்கு மூன்று டேக் எடுத்தாகிவிட்டது. படத்தில் கேள்வி கேட்பவரின் குரல் வரக்கூடாது. மூன்றிலும் நல்ல இடம் இருக்கிறது, மூன்றிலும் கோளாறும் இருக்கிறது. எடிட்டரின் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். இருப்பதில் நல்ல டேக்கை எடுத்துத் தலையையும் வாலையும் மட்டும் நறுக்கலாம். ஒவ்வொரு டேக்கிலிருந்தும் முழு முழு வாக்கியங்களாக எடுத்துக் கோக்கலாம். அல்லது சொல் சொல்லாக வெட்டி, அவர் ஒரே மூச்சில் சொல்லாத ஒரு வாக்கியத்தையே கட்டலாம்.

பெரும்பாலான பேட்டிகளுக்கு நடுவில் சொன்ன வாக்கிய ஒட்டுதான் சரி. ஆனால் அதை எப்போது விட வேண்டும் என்பதை ஒரு பதிலை எடுத்துவைத்துப் பார்த்தால்தான் புரியும். கைக்கடிகாரம், சுவர்க்கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி: "இந்த வேலையை எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

முதல் டேக்: "எங்க தாத்தாகிட்டதான். அவரு பக்கத்துல உட்கார்ந்து பாத்துக்கிட்டே இருப்பேன். தொடவே விடமாட்டாரு. ஒரு வருஷம் வெறும் பாக்கறதுதான். அப்புறம் மொதல்ல ஒரு சுவர்க்கடிகாரம்… இல்ல, அது வந்து…" பேச்சில் உயிர் இருக்கிறது, கண் விரிகிறது. கடைசியில் தடுமாறி நின்றுவிடுகிறார்.

இரண்டாம் டேக், "கேள்வியையும் சேர்த்தே சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்ட பிறகு எடுத்தது: "கடிகாரம் ரிப்பேர் பண்றத எங்க தாத்தாகிட்டதான் கத்துக்கிட்டேன். மொதல்ல தனியா பிரிச்சது ஒரு டைம்பீஸ். திரும்ப மாட்டினப்ப ரெண்டு திருகு மிச்சம்." தகவல் சுத்தமாக இருக்கிறது. முகம் மட்டும் பாடம் ஒப்பிக்கிற முகம்.

மூன்றாம் டேக்: "ரெண்டு திருகு கையில இருக்கு. தாத்தா திட்டினாருன்னு சொல்ல முடியாது. சிரிச்சாரு. மறுபடி பிரின்னாரு." அருமையான முடிவு. ஆனால் "சிரிச்சாரு" என்ற இடத்தில் கேட்பவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

முழு டேக் எங்கே தோற்கிறது

முதல் டேக்கை மட்டும் வைத்தால் எடிட்டருக்கு வேலையே இல்லை. நடுவில் வெட்டு கிடையாது, ஒட்டு கிடையாது, பேச்சின் ஓட்டம் அவருடையது. ஒருவர் கலங்கிப் பேசும் இடத்திலும், ஒரு குற்றச்சாட்டுக்கு விளக்கம் சொல்லும் இடத்திலும் இதைத்தான் எடுக்க வேண்டும். அங்கே தடுமாற்றமும் பதிலின் ஒரு பகுதி.

இங்கே அது தோற்பதற்குக் காரணம் தடுமாற்றம் இல்லை, முதல் வாக்கியம். "எங்க தாத்தாகிட்டதான்" என்பது கேள்வியின் மேல் சாய்ந்து நிற்கிறது. கேள்வியை உருவினால் தாத்தாவிடம் என்ன என்பதே தெரியாது. தமிழ்ப் பேச்சில் எழுவாயையும் செயப்படுபொருளையும் விட்டுவிட்டுப் பேசுவது இயல்பு. முன்னால் கேட்டவர் சொன்னதை நாம் திரும்பச் சொல்வதில்லை. அதனால் "ஆமா, அப்பதான்", "அது வந்து", "இல்லயே, அவங்கதான்" என்று தொடங்கும் பதில்கள் எல்லாம் கேள்வி போனவுடன் அந்தரத்தில் தொங்கும்.

இதைச் சரிசெய்ய எடிட்டில் இருக்கும் வழிகளில் மலிவானது, கேள்வியை எழுத்தாகத் திரையில் போடுவது. நேர்மையான வழியும்கூட. ஆனால் ஒரு பதிலுக்குப் போட்டால் எல்லாப் பதிலுக்கும் போட வேண்டும், படத்தின் நடையே மாறிவிடும். பின்னணிக் குரல் ஏற்கெனவே இருக்கும் படமானால் ஒரு வரியில் கேள்வியின் பொருளைச் சொல்லிவிடலாம். இரண்டும் இல்லாதபோது, அந்த விடுபட்ட பொருளை அவர் வாயிலிருந்தே வேறொரு டேக்கில் தேட வேண்டியதுதான்.

படப்பிடிப்பிலேயே கேள்வியைச் சேர்த்துச் சொல்லச் சொன்னால் போதாதா? போதும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அதைத்தான் இரண்டாம் டேக் முகத்தில் காண்கிறோம். முதலில் இயல்பாகப் பேச விட்டு, அதன்பின் ஒரே ஒரு முழு வாக்கியத்தைத் தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது. அந்த ஒரு வாக்கியம் இருந்தால் எடிட்டர் பிழைத்துக்கொள்வார்.

வாக்கிய ஒட்டும் சொல் ஒட்டும், ஒரே இடத்தில்

இப்போது முதல் வாக்கியத்தை இரண்டு வழியிலும் செய்து பார்ப்போம்.

சொல் ஒட்டில், இரண்டாம் டேக்கின் "கடிகாரம் ரிப்பேர் பண்றத" என்பதை மட்டும் எடுத்து, முதல் டேக்கின் உயிருள்ள "எங்க தாத்தாகிட்டதான்" என்பதோடு சேர்க்க ஆசை வரும். சேராது. "பண்றத" அகரத்தில் முடிகிறது, "எங்க" எகரத்தில் தொடங்குகிறது. உயிரும் உயிரும் சந்திக்கும் இடத்தில் பேசுபவரின் குரல் நிற்பதே இல்லை, நடுவே ஒரு யகரமோ வகரமோ நுழைந்து இரண்டையும் வழுக்கிக்கொண்டு போகும். இலக்கணத்தில் உடம்படுமெய் என்று படித்தது இங்கே அலைவடிவத்தில் கண்ணுக்குத் தெரியும்: வெட்டுவதற்கு ஒரு பள்ளம்கூட இருக்காது. வெட்டினால் ஒன்று குரல் விக்கும், இல்லையென்றால் சுருதி படியிறங்கியதுபோல் மாறும்.

குற்றியலுகரமும் அப்படித்தான். "வந்து அவரு" என்று எழுத்தில் இரண்டு சொல்லாக இருப்பது வாயில் "வந்தவரு" என்று ஒன்றாகிவிடும். எழுத்துப்படியை மட்டும் பார்த்து வெட்டுமிடத்தைக் குறித்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். காகிதத்தில் இருக்கும் சொல் இடைவெளி ஒலியில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வெட்ட நல்ல இடம் வல்லினம். சொல்லின் தொடக்கத்தில் வரும் க, த, ப ஆகியவற்றுக்கு முன்னால் வாய் ஒரு கணம் அடைபட்டு ஒலி நிற்கும். "தாத்தா", "கத்துக்கிட்டேன்" போன்ற சொற்களில் இரட்டித்து வரும் வல்லினத்தின் நடுவிலும் ஒரு மௌனம் இருக்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் இரண்டு மூன்று ஃபிரேம் தேறும். தவிர்க்கவே முடியாமல் சொல்லுக்குள் ஒட்ட வேண்டி வந்தால் அந்த மௌனத்துக்குள் ஒட்ட வேண்டும். ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிநொடி, ஒலிக்கு அது முரட்டு அளவு. எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோவில் டைம்லைன் பேனலின் மெனுவில் `Show Audio Time Units` என்பதைத் தேர்ந்தால் ஃபிரேமுக்குள்ளும் நகர்த்தி வெட்டலாம்.

வாக்கிய ஒட்டுக்கு இத்தனை பாடு இல்லை. "கடிகாரம் ரிப்பேர் பண்றத எங்க தாத்தாகிட்டதான் கத்துக்கிட்டேன்" என்பதை இரண்டாம் டேக்கிலிருந்து முழுசாக எடுக்கிறோம். அதன்பின் முதல் டேக்குக்குப் போய் "அவரு பக்கத்துல" என்பதிலிருந்து தொடர்கிறோம். "அவரு" உயிரில் தொடங்குகிறது, ஆனாலும் சிக்கல் இல்லை. அதற்கு முன் அவர் ஒரு மூச்சு இழுக்கிறார், வெட்டு அந்த மூச்சுக்கு முன்னால் விழுகிறது.

மூச்சு எப்போதும் அடுத்து வரும் வாக்கியத்துக்குச் சொந்தம். "கத்துக்கிட்டேன்" முடிந்ததும் இரண்டாம் டேக்கில் இருக்கும் மூச்சையும் சேர்த்து எடுத்து, முதல் டேக்கின் மூச்சையும் வைத்தால் மனிதர் இரண்டு முறை மூச்சு வாங்குவார். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ இடறியது மட்டும் தெரியும். மூச்சுகளை மொத்தமாகத் துடைப்பது இன்னும் மோசம். மூச்சில்லாமல் நாலு வாக்கியம் பேசுகிறவரைப் பார்த்தால் பார்ப்பவருக்கே மூச்சு முட்டும்.

இன்னொன்று சுருதி. தமிழில் வினைமுற்றோடு வாக்கியம் முடியும்போது குரல் இறங்கி அமரும். "பாத்துக்கிட்டு", "போயிட்டு", "சொன்னதும்" போன்ற எச்சங்களில் குரல் தூக்கியே இருக்கும், அடுத்தது வரப்போகிறது என்று. எச்சத்தில் வெட்டி அங்கேயே பதிலை முடித்தால், எத்தனை நீளமான ஃபேட் போட்டாலும் பாதியில் பிடுங்கியது போலத்தான் கேட்கும். ஒட்டின் இருபுறமும் இதைப் பார்க்க வேண்டும்: இடப்பக்கம் குரல் இறங்கி முடிந்திருக்கிறதா, வலப்பக்கம் புதிய வாக்கியத்துக்கு உரிய உயரத்தில் தொடங்குகிறதா.

ஆக, பதில் இப்படி அமைகிறது. இரண்டாம் டேக்கின் முதல் வாக்கியம். முதல் டேக்கிலிருந்து "அவரு பக்கத்துல" தொடங்கி "வெறும் பாக்கறதுதான்" வரை. மறுபடி இரண்டாம் டேக்கின் டைம்பீஸும் மிச்சத் திருகும். கடைசியில் மூன்றாம் டேக்கின் தாத்தா. நாலு துண்டு, மூன்று ஒட்டு, சுமார் இருபது நொடி. மூன்றாம் டேக்கின் "ரெண்டு திருகு கையில இருக்கு" வேண்டாம், முன் துண்டில் அது வந்துவிட்டது.

சொல் ஒட்டுக்கு இடமே இல்லையா? உண்டு, ஒரே வகை வேலைக்கு. "அவரு" என்று சொன்ன இடத்தில் யாரென்று புரியாமல், அதே ஆள் வேறொரு டேக்கில் "தாத்தா" என்று வாக்கியத் தொடக்கத்தில், அதே வேகத்தில் சொல்லியிருந்தால், அந்தப் பெயர்ச்சொல்லை மாற்றி வைக்கலாம். பொருள் மாறாது, தெளிவு கூடும். வினையை மாற்றவோ, எண்ணை மாற்றவோ இந்த வித்தையைத் தொடக்கூடாது.

ஒட்டின் அடியில் ஓடும் ஒலி

துண்டுகள் சரியாக அமைந்த பிறகும் ஒட்டு தெரிகிறதென்றால் பெரும்பாலும் குற்றவாளி பேச்சு அல்ல, பேச்சுக்குப் பின்னால் இருக்கும் அறை. முதல் டேக்கில் ஏசி ஓடியது, இரண்டாம் டேக்கில் ஓடவில்லை. ஒட்டில் "ஸ்ஸ்" என்ற இரைச்சல் திடீரென்று முளைக்கும். இதற்குத்தான் ரூம் டோன்: எல்லோரும் அறைக்குள்ளேயே அசையாமல் இருக்க, அதே மைக்கில் முப்பது நொடியாவது வெற்று அறையைப் பதிந்து வைப்பது. அதைப் பதில் முழுக்க அடியில் தொடர்ச்சியாக விரித்து, மேலே துண்டுகளை வைத்து, ஒட்டுகளில் ஒரு ஒலி தேய அடுத்தது எழும் இரண்டு ஃபிரேம் கிராஸ்ஃபேட் கொடுத்தால் போதும். ஒரு டேக்கில் மட்டும் ஏசி என்றால் ஏசி ஓடும்போது பதிந்த டோனை மற்ற டேக்குகளுக்கு அடியில் போடுவது எளிது. இரைச்சலை எல்லாவற்றிலும் ஒரே அளவாக்குவது, ஒன்றில் மட்டும் நீக்குவதைவிடக் காதுக்கு உறுத்தாது.

கேட்பவரின் சிரிப்பு வேறு கதை. முதலில் பார்க்க வேண்டியது, அவருடைய மைக் தனித் தடத்தில் பதிவாகியிருக்கிறதா என்பது. இருந்தால் அந்தத் தடத்தை அணைத்துவிட்டு, பதில் சொல்பவரின் காலர் மைக்கில் எவ்வளவு சிரிப்பு ஒழுகியிருக்கிறது என்று கேட்க வேண்டும். காலர் மைக் அவர் வாய்க்கு அருகில் இருப்பதால் எதிரே இருப்பவரின் குரல் தூரத்தில் மங்கலாகத்தான் விழும். "சிரிச்சாரு" என்ற சொல்லின் அடியில் அது மறைந்துவிட்டால் நம் அதிர்ஷ்டம். சொல் முடிந்த பிறகும் சிரிப்பு நீள்கிறதென்றால் அந்த இடைவெளியை வெட்டி ரூம் டோன் வைக்கலாம். இரண்டு மைக்கும் ஒரே தடத்தில் கலந்து பதிவாகியிருந்தால் அந்த வாக்கியத்தை மறந்துவிடுவது நல்லது. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இறங்கினால் பேசுபவரின் குரலே கிணற்றுக்குள் போய்விடும்.

சிரிப்புக்காக அந்த ஒரு சொல்லுக்கு மட்டும், கம்பில் நீட்டிப் பிடிக்கும் பூம் மைக்கிலிருந்து காலர் மைக்குக்குத் தாவக்கூடாது. இரண்டின் தொனி வேறு. தாவுவதானால் முழுப் பதிலும் ஒரே மைக்கில் இருக்கட்டும்.

படத்தில் ஒட்டை எப்படி மறைப்பது

மூன்று ஒட்டுகளிலும் தலை குதிக்கும். மறைக்க மூன்று வழி: முகத்துக்குப் பதில் கையையோ பொருளையோ காட்டும் இன்சர்ட் ஷாட்டை மேலே போடுவது, படத்தைப் பெரிதாக்குவது, மென்பொருளின் உருமாற்றத்தை நம்புவது. ஜம்ப் கட் எனப்படும் இந்தக் குதிப்பை அப்படியே விட்டுவிடும் நடையும் இருக்கிறது. படம் முழுக்க அந்த நடை இருந்தால் அதில் தவறில்லை, வெட்டியதை வெட்டினோம் என்றே சொல்லிவிடுகிறது.

முதல் ஒட்டுக்கு இன்சர்ட்தான். இரண்டாம் டேக்கின் ஒப்பிக்கிற முகத்தோடு பதிலைத் தொடங்க வேண்டாம். மேசையில் கடிகாரத்தைப் பிரிக்கும் கைகளின் ஷாட்டில் பதிலைத் தொடங்கி, முதல் வாக்கியம் முழுக்க அதன் மேலேயே ஓடவிட்டு, "அவரு பக்கத்துல உட்கார்ந்து" என்று பேச்சு போகும்போது முகத்துக்கு வருகிறோம். ஒட்டும் மறைந்தது, மந்தமான முகமும் மறைந்தது. பொதுவாக இன்சர்ட்டை ஒட்டுக்கு ஒரு நொடிக்கு மேல் முன்னதாகத் தொடங்கி, ஒட்டு தாண்டி ஒரு சொற்றொடர் முடியும் வரை வைத்திருக்க வேண்டும். ஒட்டின் மேல் சரியாக ஒட்டவைத்த ஒரு நொடி ஷாட், காயத்தில் போட்ட பிளாஸ்திரி போல இங்கேதான் அடிபட்டது என்று காட்டிக்கொடுக்கும்.

இரண்டாம் ஒட்டில் பெரிதாக்கல் உதவும். 4K-வில் எடுத்து (3840×2160) HD-யில் (1920×1080) முடிக்கும் படமானால் தரம் கெடாமல் இரண்டு மடங்கு வரை பெரிதாக்க இடம் இருக்கிறது. அத்தனை வேண்டாம், 125 முதல் 140 சதவீதம் போதும். 105, 108 என்று கொஞ்சமாகப் பெரிதாக்குவதுதான் தவறு: வேறு ஷாட் என்று கண் ஏற்காது, காமிராவில் ஏதோ இடித்துவிட்டது என்றே நினைக்கும். பெரிதாக்கும்போது கண்கள் திரையில் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கட்டும். எங்கே பெரிதாக்குவது என்பதிலும் அர்த்தம் இருக்கிறது. "ரெண்டு திருகு மிச்சம்" என்பது கதை இறுகும் இடம், அங்கே நெருங்கிப் போவது இயல்பு. பதில் தளர்கிற இடத்தில் நெருங்கினால் கோணலாகத் தெரியும்.

உருமாற்றம் என்பது பிரீமியரில் `Morph Cut`, ரிசால்வில் `Smooth Cut`, அவிட்டில் `FluidMorph`. இரண்டு முகத்துக்கும் நடுவே இல்லாத ஃபிரேம்களை இவை உருவாக்குகின்றன. காமிரா அசையாமல், பின்னணி அசையாமல், தலை இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில், வாய் மூடியிருந்தால் நன்றாக வேலை செய்யும். முன்கூட்டியே சோதிக்க ஒரு வழி: ஒரு கிளிப்பை மற்றதன் மேல் வைத்து 50 சதவீத ஒளிபுகு நிலையில் பாருங்கள். கண்ணும் மூக்கும் ஏறக்குறையப் பொருந்தினால் முயலலாம், இரண்டு மூக்கு தெரிந்தால் விட்டுவிடுங்கள். நம் மூன்றாம் ஒட்டில் அவர் சிரிப்பதற்கு முன் கையை முகவாய்க்குக் கொண்டுபோகிறார். அங்கே இதைப் போட்டால் விரல்கள் கன்னத்துக்குள் கரையும். அதனால் அந்த ஒட்டுக்கும் இன்சர்ட்டே: மேசைமேல் கிடக்கும் திருகுகள். அப்படி ஒரு ஷாட் எடுத்திருக்கவில்லை என்றால், பெரிதாக்கிய அளவிலிருந்து பழைய அளவுக்குத் திரும்புவதையே வெட்டாகப் பயன்படுத்தலாம்.

எதை வெட்டக்கூடாது

மூன்றாம் டேக்கின் வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள்: "தாத்தா திட்டினாருன்னு சொல்ல முடியாது." சிரிப்பு விழுந்த இடத்திலிருந்து தப்பிக்க அவசரத்தில் "திட்டினாரு" என்பதோடு யாராவது நறுக்கினால் பொருள் தலைகீழ். தமிழில் மறுப்பும் ஐயமும் வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருக்கின்றன. "…ன்னு நெனைக்கிறேன்", "…போல", "…ன்னு சொல்லுவாங்க", "பன்னெண்டு வயசு இருக்கும்" என்பதில் வரும் "இருக்கும்" எல்லாம் அப்படித்தான். இவற்றை நீட்டல் என்று நினைத்து நறுக்கினால் ஊகம் உண்மையாகவும், கேள்விப்பட்டது கண்டதாகவும் ஆகிவிடும். "ம்", "வந்து", "அதாவது" போன்றவற்றை வெட்டுங்கள், வாலைத் தொடாதீர்கள்.

கேள்வியை வெட்டுவதே பொருளை மாற்றும் இடமும் உண்டு. 2012-இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி, ஒரு துப்பாக்கிச் சூட்டுக்கு முன் காவல்துறைக்கு வந்த தொலைபேசி அழைப்பைச் சுருக்கி ஒளிபரப்பியது. அழைத்தவர், தான் பார்த்த ஆள் ஏதோ தப்பு செய்யப்போவது போலத் தெரிகிறது என்கிறார். இடையில் வேறு சில வாக்கியங்கள். பிறகு எதிர்முனையில் இருப்பவர், அவர் கறுப்பரா, வெள்ளையரா, ஹிஸ்பானிக்கா என்று கேட்கிறார். கறுப்பர் போலத் தெரிகிறார் என்று பதில் வருகிறது. ஒளிபரப்பில் இடைவாக்கியங்களும் இல்லை, அந்தக் கேள்வியும் இல்லை. கேட்டதற்குச் சொன்ன அடையாளம், தானாகச் சொன்ன சந்தேகத்தின் காரணமாக மாறிப்போனது. நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அங்கே ஒட்டு தொழில்நுட்பத்தில் சுத்தமாகத்தான் இருந்தது.

எனவே, பதில் சொல்பவர் தானாக எடுக்காத ஒரு பேச்சைக் கேள்விதான் எடுத்துக் கொடுத்திருக்கிறது என்றால் கேள்வி படத்தில் இருக்கட்டும், குரலாகவோ எழுத்தாகவோ. வெவ்வேறு கேள்விகளுக்குச் சொன்ன பதில்களை ஒரே பதிலாகக் கோப்பதற்கும் இதே தடை. நம் கடிகாரக்காரரின் நாலு துண்டும் ஒரே கேள்விக்கு வந்தவை, நிகழ்ந்த வரிசையும் மாறவில்லை. அதனால்தான் இவ்வளவு தைரியமாக ஒட்ட முடிந்தது.

ஒட்டி முடித்ததும் முதலில் திரையை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். படம் இருந்தால் இன்சர்ட் மாறும் இடத்தில் காது ஏமாந்துவிடும். பிறகு, படப்பிடிப்பில் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு அந்த இருபது நொடியைப் போட்டுக் காட்டி, இவரிடம் என்ன கேட்டிருப்பார்கள் என்று கேளுங்கள். "வேலையை எப்படிக் கத்துக்கிட்டார்னு" என்று சொன்னால் முதல் வாக்கியம் தன் வேலையைச் செய்துவிட்டது. "தாத்தாவைப் பத்தி" என்று சொன்னால் அந்த வாக்கியம் போதவில்லை, வெட்டாத மூலப் பதிவான ரஷ்ஷில் இன்னொன்றைத் தேட வேண்டும்.